மூழ்கிய நகை: ஒரு விகிதத்தின் வரலாறு

2012 மார்ச் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஓர் எண்ணை அறிவித்தது. தங்க நகையை அடகாகப் பெற்றுக் கடன் தரும் நிதி நிறுவனங்கள், நகையிலுள்ள தங்கத்தின் மதிப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக்கூடாது என்றது. அதற்கு முன் அவற்றுக்கு அப்படியொரு உச்சவரம்பு இல்லை. நூறு ரூபாய் நகைக்கு 80, 85 ரூபாய் தருவது சாதாரணமாக இருந்தது. "ஒரு கிராமுக்கு எவ்வளவு?" என்பதுதான் பேருந்து நிலையச் சுவர்களிலிருந்த விளம்பரங்களின் போட்டியே.

வரம்பு வந்ததற்குக் காரணம், நகை இழக்கும் பெண்கள்மீதான கவலை அல்ல. இந்த நிறுவனங்கள் சில ஆண்டுகளில் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தன. வங்கிகளிடம் பெருந்தொகை கடன் வாங்கி, அதை நகைக்கடனாகக் கொடுத்தன. அவற்றின் சொத்தெல்லாம் தங்கம் என்ற ஒரே பொருளின் விலைமீது நின்றது. தங்கம் விழுந்தால் நிறுவனம் விழும், நிறுவனம் விழுந்தால் அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்கும் அடி விழும். அந்த அச்சத்துக்குப் போட்ட அணைதான் 60.

கடன் தொகைக்கும் நகை மதிப்புக்கும் உள்ள இந்த விகிதத்தை வங்கிக்காரர்கள் எல்.டி.வி. என்பார்கள். அதன் வரலாற்றை நான் வேறு பக்கத்திலிருந்து, கழுத்திலிருந்து நகையைக் கழற்றிக் கொடுத்தவரின் பக்கத்திலிருந்து, படிக்க விரும்புகிறேன். விகிதம் 60 என்றால் மீதி 40 யாருடையது? விலை சரிந்தால் கடன் கொடுத்தவரைத் தாங்குவதற்காக ஒதுக்கப்பட்ட அந்த 40 ரூபாய்த் தங்கமும் அவளுடையதுதான். கடன் கொடுத்தவர் தலைவைத்துப் படுக்கும் மெத்தை, அவள் நகையால் தைக்கப்பட்டது.

என் அத்தையின் அடகுச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 2012 பிப்ரவரி, அதாவது வரம்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பு. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தத் தெருவில் அப்போது அப்படி நான்கு கடைகள் இருந்தன. மகனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்தது. சீட்டில் மொத்த எடை 66 கிராம், கல்லுக்கும் அரக்குக்கும் கழிவு 2 கிராம், நிகர எடை 64 கிராம் என்று இருக்கிறது. எட்டுப் பவுன்.

மதிப்பு போடுவதில் முதல் இழப்பு இங்கேயே நடக்கிறது. நகையை வாங்கும்போது சேதாரம், செய்கூலி, கல்லின் விலை எல்லாம் கொடுத்துத்தான் வாங்குகிறோம். அடகு வைக்கும் மேசையில் அவற்றுக்கு மதிப்பில்லை. உரைகல்லில் தேய்த்து, மாற்றுப் பார்த்து, கல்லைக் கழித்து, மிஞ்சிய தங்கத்துக்கு மட்டுமே கணக்கு. இது மோசடி அல்ல. உருக்கினால் கிடைப்பது அவ்வளவுதான். ஆனால் விகிதம் இந்தச் சிறிய தொகையின்மீது போடப்படுவது என்பதை மறக்கக்கூடாது. கடையில் கொடுத்த விலையில் 60 விழுக்காடு என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அன்று 22 காரட் தங்கம் கிராமுக்கு 2,600 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்; அந்த மாத விலை ஏறத்தாழ அதுதான். 64 கிராமுக்கு 1,66,400 ரூபாய். கிராமுக்கு 2,200 வீதம் 1,40,800 ரூபாய் கடன் கொடுத்தார்கள். விகிதம் 85-ஐத் தொடுகிறது. வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. இந்தக் கடைகளில் கிராமுக்கு அதிகம் கேட்டால் வட்டியும் அதிகம். குறைவாக வாங்கிக்கொண்டால் வட்டியும் குறையும். மாமா அதிகத்தைத் தேர்ந்தெடுத்தார், கட்டணம் அவ்வளவு இருந்தது. கெடு ஓராண்டு, முதலும் வட்டியும் சேர்த்துக் கடைசியில் கட்டலாம்.

மாத வட்டி 2,816 ரூபாய். நகை மதிப்புக்கும் கடனுக்கும் இடையிலிருந்த இடைவெளி 25,600 ரூபாய். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள்: ஒன்பது மாதம். தங்கத்தின் விலை ஒரு ரூபாய்கூட அசையாமல் அப்படியே நின்றிருந்தாலும், வட்டி கட்டாமல் விட்டால், பத்தாவது மாதம் கடன் நகையைவிடப் பெரிதாகியிருக்கும். விலைச் சரிவு என்பது சந்தையில் மட்டும் நடப்பதில்லை. வட்டி என்பதே மெதுவாக நடக்கும் ஒரு சரிவு.

இதை மறைத்தது அந்த ஆண்டுகளின் விலையேற்றம். தங்கம் ஏறிக்கொண்டே இருந்ததால் வட்டியின் ஓட்டத்தை விலையின் ஓட்டம் முந்தியது. ஓராண்டு முடிந்த 2013 பிப்ரவரியில் கடன் 1,74,592 ரூபாயாகியிருந்தது. தங்கம் கிராம் 2,800 என்று கணக்கிட்டால் நகை 1,79,200. இன்னும் நகைதான் மேலே. கடையிலும் அவசரப்படவில்லை. "வட்டியைக் கட்டி மாத்தி வச்சிடலாம்" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏப்ரல் வந்தது. 2013 ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமையும் 15 திங்கட்கிழமையும், நடுவில் ஒரு வாரயிறுதியோடு, உலகச் சந்தையில் தங்கம் 13 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. இரண்டே நாளில் அவ்வளவு பெரிய வீழ்ச்சி முப்பது ஆண்டுகளில் நடந்ததில்லை. 2012 நவம்பரில் 10 கிராம் 24 காரட் தங்கம் நம் நாட்டில் 32 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த ஏப்ரல் மத்தியில் 26 ஆயிரத்தின் அருகே வந்தது. நகைக்கடைகளில் கூட்டம் அலைமோதியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடகுக் கடைகளில் நடந்ததை யாரும் காட்டவில்லை.

22 காரட் கிராம் 2,400 ரூபாயானபோது அத்தையின் எட்டுப் பவுன் 1,53,600 ரூபாய். பதினான்கு மாத வட்டியோடு கடன் 1,80,224 ரூபாய். நகையை மீட்க வேண்டுமானால், அதன் விலையைவிட 26,624 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதே பணத்தில் கடைக்குப் போய்ப் புது நகையே வாங்கலாம். இந்தக் கணக்கைக் கடன் வாங்கியவர்களும் போட்டார்கள், போட்டுவிட்டுத் திரும்பி வராமல் இருந்தார்கள். நிறுவனங்களுக்கு வட்டி வராமல் போனது, ஏலம் குவிந்தது. நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: நகை மூழ்கிவிட்டது. யாரும் மூழ்கடிக்கவில்லை, அதுவாகவே மூழ்கியது போல.

அதே நகை 60 விழுக்காடு வரம்புக்குள் வைக்கப்பட்டிருந்தால்? கடன் 99,840 ரூபாய்தான் கிடைத்திருக்கும். அதே வட்டியில் பதினான்கு மாதம் கழித்து 1,27,795 ரூபாய். அதே ஏப்ரல் சரிவுக்குப் பிறகும் நகை 25,805 ரூபாய் மேலே நின்றிருக்கும். மீட்பதற்கு ஒரு காரணமும், ஏலம் போனாலும் திரும்பி வரவேண்டிய ஒரு தொகையும் இருந்திருக்கும். வரம்பு உண்மையிலேயே காக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தத் தொகை போதாது. மீதி 40 ஆயிரத்துக்கு மாமா எங்கே போயிருப்பார்? கந்து வட்டிக்கு, அல்லது அத்தையின் தாலிக்கொடிக்கு. குறைந்த விகிதம் நகையைக் காக்கும், தேவையைக் குறைக்காது. இந்த இழுபறிதான் அடுத்த பத்தாண்டு வரலாறு.

விலை மீண்டும் ஏறும்வரை காத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஏறத்தான் செய்தது. 2013 ஆகஸ்டு இறுதியில் ரூபாயின் மதிப்பு ஒரு டாலருக்கு 68-ஐத் தாண்டிச் சரிந்தபோது, இங்கே தங்கம் 33 ஆயிரத்தைத் தாண்டியது. 22 காரட் கிராம் 3,000 என்று வைத்தால் எட்டுப் பவுன் 1,92,000 ரூபாய். பதினெட்டு மாத வட்டியோடு கடன் 1,91,488 ரூபாய். மிச்சம் 512 ரூபாய். விலை உச்சிக்குத் திரும்பியும் அவளுக்கு ஒரு நல்ல புடவை விலைதான் மிஞ்சியிருக்கும். அதுவும் கணக்கில் மட்டும்தான். நகை மே மாதமே ஏலம் போயிருந்தது.

ஏலத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பினார்கள். அதில் சட்டப்படி குறையில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 176-ஆம் பிரிவில், அடகு பிடித்தவர் நியாயமான அறிவிப்புக் கொடுத்துவிட்டு அடகுப் பொருளை விற்கலாம் என்கிறது. விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியை அடகு வைத்தவர் கட்ட வேண்டும். கூடுதலாக வந்தால் அதை அடகு வைத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பிரிவு முழுவதும் அடகு வைத்தவரைப் பற்றியே பேசுகிறது. பொருள் யாருடையது என்று அது கேட்கவில்லை.

அறிவிப்பு மாமா பெயருக்கு வந்தது. மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மாமா பேருக்கு வந்த கவர, நான் எதுக்குப் பிரிக்கப் போறேன்?" என்றார் அத்தை, பிறகு நான் கேட்டபோது. தன் நகை ஏலம் போன செய்தி அவருக்குத் தெரிந்தது ஆடி மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது. அம்மா வீட்டில் போட்ட இரட்டைவடச் சங்கிலியும் ஆறு வளையலும் அதில் இருந்தன.

சட்டம் அந்த நகையை அத்தையுடையது என்றே சொல்கிறது. பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீதனம் முழுக்க அவளுடைய சொத்து, கணவர் வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது. ஆக, ஒரு சட்டம் நகையை அவளிடம் தருகிறது. இன்னொரு சட்டம், அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது, அறிவிப்பையும் மிச்சப் பணத்தையும் கையெழுத்துப் போட்டவரிடம் தருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் அடகுக் கடையின் மேசை. அங்கே வெல்வது இரண்டாவதுதான்.

தங்கம் விழுவதால்தான் நகை போகிறது என்று நினைத்தால், வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது. பெருமந்தக் காலத்தில் நடந்தது நேர்மாறானது. 1927-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி தங்கத்தின் விலை தோலாவுக்கு 21 ரூபாய்ச் சொச்சமாக நிறுத்தப்பட்டிருந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டதும், ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறத் தொடங்கியது. அதே நேரம் நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. குத்தகைக்கும் தீர்வைக்கும் கடனுக்கும் பணமில்லாத வீடுகளிலிருந்து நகைகள் வெளியேறின. கப்பல் கப்பலாகத் தங்கம் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானது. பொருளாதார நூல்கள் அதைத் துயரத் தங்கம் என்றே அழைக்கின்றன. விலை ஏறியபோதும் நகை போனது, 2013-இல் விலை இறங்கியபோதும் போனது. இரண்டு முறையும் வறண்டிருந்தது வீட்டின் வருமானம். விலை எப்போது போகும், எவ்வளவுக்குப் போகும் என்பதை மட்டுமே தீர்மானித்தது.

2013 சரிவுக்குப் பிறகு விதிகள் திருத்தப்பட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில், கடன் கொடுத்த கிளை இருக்கும் ஊரிலோ வட்டத்திலோதான் ஏலம் நடக்க வேண்டும், அடிப்படை விலை 30 நாள் சராசரியில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது, கடன் கொடுத்த நிறுவனமே ஏலம் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது. நகையின் மதிப்பையும் ஒரு நாள் விலையில் போடாமல் 30 நாள் சராசரியில் போடச் சொன்னது. உச்சி விலையில் மதிப்புப் போட்டு மறுநாள் சரிவில் மாட்டுவதை இது ஓரளவு தடுக்கும். 2014 ஜனவரியில் வரம்பு 60-இலிருந்து 75 ஆனது. 60 வைத்திருந்தால் மக்கள் ஒழுங்குபடுத்தப்படாத அடகுக் கடைகளுக்கே போவார்கள் என்ற வாதம் வென்றது. என் மாமாவின் அந்த மீதி 40 ஆயிரத்தை நினைத்தால் அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

75 என்றால் 25 விழுக்காடு சரிவு வரை தாங்கும் என்று தோன்றும். முதல் நாளுக்கு மட்டும்தான் அது உண்மை. ஒரு லட்சம் ரூபாய்த் தங்கத்துக்கு 75,000 கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, கடைசியில் மொத்தமாகக் கட்டுவது என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முடிவில் கடன் 84,000. இப்போது தாங்கும் சரிவு 16 விழுக்காடு.

2020-இல் இந்தப் பாடம் மறுபடி நடத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் உதவியாக இருக்கும் என்று, வங்கிகளின் விவசாயமல்லாத நகைக்கடன்களுக்கான வரம்பை ரிசர்வ் வங்கி 90 ஆக்கியது. 2021 மார்ச் 31 வரைக்கும் என்றது. அறிவித்த நாள் 2020 ஆகஸ்டு 6. மறுநாள் 10 கிராம் தங்கம் 56 ஆயிரத்தைத் தொட்டது. அதுதான் அப்போதைய உச்சம். அந்தச் சலுகை முடிந்த மார்ச்சில் விலை 45 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. பத்து விழுக்காடு இடைவெளியில் இதை எந்தக் கடனும் தாங்காது. விலை உச்சியில் இருக்கும்போதுதான் தாராளம் பிறக்கிறது என்பதையும், அப்போது வாங்கும் கடன்தான் முதலில் மூழ்குகிறது என்பதையும் அந்த எட்டு மாதங்கள் காட்டின.

2025 ஜூனில் வந்த புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டியவை, வட்டியைக் கணக்குக்குள் கொண்டுவருகின்றன. குடும்பச் செலவுக்கான கடனில் இரண்டரை லட்சம் வரை 85 விழுக்காடு, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது வரம்பு. ஆனால் முதலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால், கடைசியில் கட்டவேண்டிய முழுத் தொகையும் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். கெடுவும் 12 மாதத்துக்கு மேல் கூடாது. அதாவது ஒரு லட்சம் ரூபாய்த் தங்கத்துக்கு 12 விழுக்காடு வட்டியில் கையில் கிடைப்பது 85,000 அல்ல, 75,890 ரூபாய் அளவில்தான். வரம்பு கடன் முடியும்வரை காக்கப்பட வேண்டும் என்பதால், நடுவில் தங்கம் விழுந்தால் கொஞ்சம் பணம் கட்டச் சொல்லியோ இன்னொரு நகை வைக்கச் சொல்லியோ கேட்பார்கள். அந்த அழைப்பு போகும் எண், சீட்டில் எழுதியிருக்கும் எண். ஏலத்தின் அடிப்படை விலை நடப்பு மதிப்பில் 90 விழுக்காடு. இரண்டு ஏலம் தோற்றால் 85. மிச்சப் பணம் ஏழு வேலை நாளுக்குள் திரும்ப வேண்டும். அதுவும் கடன் வாங்கியவருக்கே.

ஆகவே ஒரு சீட்டைக் கையில் எடுக்கும் பெண் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும் என்பேன். நிகர எடை, அதன் மதிப்பு, கடன் தொகை, வட்டி. மதிப்பிலிருந்து கடனைக் கழித்து, மாத வட்டியால் வகுத்தால், விலை அசையாத உலகில் நகை எத்தனை மாதம் மிதக்கும் என்று தெரியும். அந்த எண் கெடுவைவிடக் குறைவாக இருந்தால், வட்டியை மாதாமாதம் கட்டினால்தான் நகை மிஞ்சும். கெடுவைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால், ஒரு நடுத்தரச் சரிவு போதும் மூழ்குவதற்கு. ஐந்தாவதாகப் பார்க்க வேண்டியது பெயர். நகை உங்களுடையது, சீட்டு அவருடையது என்றால் மேலே சொன்ன கணக்குத் தெரிந்தும் பயனில்லை, எச்சரிக்கை உங்களை வந்து சேராது.

உரிமையைப் பற்றியும் விதிகள் பேசாமல் இல்லை. 20 கிராமுக்கு மேல் அடகு வைத்தால் நகை யாருடையது என்று சரிபார்த்ததற்கு ஆவணம் வேண்டும் என்று 2013-லேயே நிதி நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது. புதிய விதிகளோ, உரிமை சந்தேகத்துக்குரியதாக இருந்தால் கடனே தரக்கூடாது என்கின்றன. ஆனால் வாங்கிய ரசீது இல்லாவிட்டால் ஓர் உறுதிமொழி போதும். தாய்வீட்டு நகைக்கு எந்த வீட்டில் ரசீது இருக்கிறது? ஆகவே கணவர் உறுதிமொழி எழுதுகிறார். இரட்டைவடச் சங்கிலியும் ஆறு வளையலும் என்னுடையவை என்று ஓர் ஆண் கையெழுத்துப் போடுகிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் எழுவதில்லை. 60, 75, 90, 85 என்று பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு விகிதத்தை ஏற்றியும் இறக்கியும் திருத்தியவர்கள், அந்த உறுதிமொழித் தாளில் அவள் கையெழுத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். நகை மூழ்குவதற்கு முன் அது அவளுக்குத் தெரிந்திருக்கும்.